டெஸ்ட் க்ளோஷர் ரிப்போர்ட்: 97 சதவீதம்னு எழுதறதுக்கு முன்னாடி

கேள்வி: "டெஸ்டிங்ல சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது. இந்த ரிலீஸுக்கு க்ளோஷர் ரிப்போர்ட் நீயே எழுதிடுன்னு லீட் சொல்லிட்டார். பழைய ரிப்போர்ட் ஒண்ணு இருக்கு, அதுல நம்பரை மட்டும் மாத்தினா போதுமா? கவரேஜ்னு எதை போடறது? ஓப்பன் டிஃபெக்ட் இருபது சொச்சம் இருக்கு, எல்லாத்தையும் காட்டினா நம்ம டீமுக்கே கெட்ட பேர் வராதா? கடைசில லெசன்ஸ் லேர்ன்ட்னு ஒரு பகுதி இருக்கு, அதுல என்னதான் எழுதுவாங்க?"

நம்பரை மட்டும் மாத்தி அனுப்பலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ரிலீஸ் ஆகி ஒரு மாசம் கழிச்சு ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது வெடிக்கும்போதுதான் அந்த ரிப்போர்ட்டை யாராவது முதல் தடவையா முழுசா படிப்பாங்க, அப்ப அதுல உங்க பேர் இருக்கும். உங்க லீட் கேக்கறது ஒரு டாக்குமெண்ட். அதை வாங்கி கையெழுத்து போடறவரு மனசுல இருக்கறது "இதை வெளிய விட்டா எங்க அடி விழும்" அப்படிங்கறது மட்டும்தான். நீங்க கேட்ட மீதி மூணு கேள்விக்கும் பதில் அங்கிருந்துதான் வருது.

நான் டெஸ்டிங்ல இருக்கறது 14 வருஷம், பெரும்பாலும் இன்சூரன்ஸ், பேமெண்ட் சம்பந்தப்பட்ட வெப் அப்ளிகேஷன். அதனால சொல்றது அந்த மாதிரி ப்ராஜெக்டுக்கு சரியா வரும். மருத்துவ கருவி, விமானம் மாதிரி துறைல அரசு விதிமுறையே என்னென்ன ஆவணம் வேணும்னு கட்டாயப்படுத்தும், அங்க நான் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. பேர் விஷயத்துலயும் குழம்ப வேண்டாம். பழைய ஐ-ட்ரிபிள்-ஈ 829 தரத்துல இதுக்கு டெஸ்ட் சம்மரி ரிப்போர்ட்னு பேரு, அதுக்கு பதிலா வந்த ஐஎஸ்ஓ 29119-ஓட மூணாவது பாகத்துல டெஸ்ட் கம்ப்ளீஷன் ரிப்போர்ட்னு பேரு, நம்ம ஊர் கம்பெனில க்ளோஷர் ரிப்போர்ட்னு சொல்றோம், மூணும் ஒரே ஆள்தான்.

பொதுவா சொல்றதை விட நானே சொதப்பின ஒரு ரிப்போர்ட்டை வச்சு சொல்றேன். வேலைக்கு சேர்ந்து நாலாவது வருஷம், ஒரு இன்சூரன்ஸ் க்ளையண்டுக்கு ஆன்லைன்ல ப்ரீமியம் கட்டற மாட்யூல். மொத்தம் 64 ரிக்வயர்மெண்ட், 420 டெஸ்ட் கேஸ். ரிலீஸுக்கு முந்தின நாள் நிலவரம்: பாஸ் 381, ஃபெயில் 12, ப்ளாக்ட் 9, ஓட்டவே இல்லாதது 18. நான் ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல பெருசா "பாஸ் பர்சன்டேஜ் 97, ரிக்வயர்மெண்ட் கவரேஜ் 97" அப்படின்னு பச்சை கலர்ல போட்டேன். ரெண்டும் ஒரே நம்பரா வந்ததுல எனக்கு ஒரு சந்தோஷம் வேற. லீட் பார்த்தார், மேனேஜர் பார்த்தார், க்ளையண்ட் பார்த்தாங்க, எல்லாரும் "சூப்பர்"னு சொல்லிட்டு சைன் ஆஃப் குடுத்துட்டாங்க.

அதுல பொய்யே இல்ல, அதுதான் கொடுமை. ஸ்கூல்ல பின்னம் படிச்சிருப்பீங்க, மேல இருக்கறது தொகுதி, கீழ இருக்கறது பகுதி. நான் 381-ஐ எதால வகுத்தேன்? ஓட்டின கேஸ் மட்டும் எடுத்தேன், பாஸும் ஃபெயிலும் சேர்ந்து 393. 381-ஐ 393-ஆல வகுத்தா 96.9. திட்டம் போட்ட 420-ஆல வகுத்திருந்தா 90.7. எங்க எக்ஸிட் க்ரைட்டீரியா "95 சதவீதம் பாஸ் ஆகணும்"னு ஒரு வரி, எதுல 95-ன்னு டெஸ்ட் ப்ளான்ல யாரும் எழுதல. அப்போ ஒரு கணக்குல நாங்க தேறிட்டோம், இன்னொரு கணக்குல தேறல. எந்த கணக்கு நமக்கு சாதகமோ அது தானாவே கைக்கு வந்துடும், யாரும் திட்டமிட்டு ஏமாத்தணும்னு அவசியமே இல்ல. அதனால ரிப்போர்ட்ல எந்த சதவீதம் போட்டாலும் பக்கத்துலயே ரெண்டு எண்ணையும் போட்டுடுங்க. "393-ல 381 பாஸ், 420-ல 27 ஓட்டல" அப்படின்னு எழுதினா படிக்கறவருக்கே அடுத்த கேள்வி வந்துடும், அந்த 27 எதுன்னு.

கவரேஜ்ங்கற வார்த்தைல இதைவிட பெரிய பள்ளம் இருக்கு. 64 ரிக்வயர்மெண்ட்ல 62-க்கு ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ்ல ஒரு டெஸ்ட் கேஸாவது எதிர்ல இருந்துச்சு, அதனால 97. அதாவது "டெஸ்ட் கேஸ் எழுதியாச்சு"ங்கறதை கவரேஜ்னு போட்டிருக்கேன். அந்த டெஸ்ட் ஓடுச்சா, பாஸ் ஆச்சாங்கறது அந்த எண்ணுல இல்லவே இல்ல. பிரச்சினை வந்தப்புறம் உக்காந்து சரியா எண்ணினப்ப, தன் கேஸ் எல்லாமே ஓடி எல்லாமே பாஸ் ஆன ரிக்வயர்மெண்ட் 47 தான். ஆறுல ஏதோ ஒரு கேஸ் ஃபெயில், ஒன்பதுல ஏதோ ஒண்ணு ப்ளாக்ட் இல்லாட்டி ஓடல, மீதி ரெண்டுக்கு கேஸே கிடையாது. 64-ல 47-ன்னா 73 சதவீதம். ஒரே டேட்டா, 97-ம் அதுலதான் இருக்கு, 73-ம் அதுலதான் இருக்கு.

சராசரி மறைக்கறது இன்னொண்ணு, ஓட்டாத கேஸ் எல்லாம் எங்க கும்பலா உக்காந்திருக்குன்னு. அந்த 27-ல 22 கேஸ் ஒரே ஏரியா, ரீஃபண்டும் பார்ஷியல் பேமெண்டும். அந்த ஏரியால மொத்தம் 8 ரிக்வயர்மெண்ட், அதுல 7 முழுசா டெஸ்ட் ஆகல. ஏன்னா பேமெண்ட் கேட்வே குடுத்த சாண்ட்பாக்ஸ்ல எங்க மெர்ச்சண்ட் ஐடிக்கு ரீஃபண்ட் வசதி ஆன் பண்ணவே இல்ல, அது எங்களுக்கு தெரிஞ்சது மூணாவது வாரம், மெயில் போட்டோம், பதில் வரல, ரிலீஸ் தேதி வந்துடுச்சு. 420-க்கு நடுவுல 22-ன்னா அஞ்சு சதவீதம்தானே, ஆனா ரீஃபண்டை மட்டும் எடுத்து பார்த்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே டெஸ்ட் ஆகல. சாம்பார்ல உப்பு சராசரியா சரியா இருக்குன்னா ஒரு கரண்டில உப்பே இல்ல, இன்னொரு கரண்டில கட்டியா இருக்குன்னும் இருக்கலாம் இல்லையா, அதுமாதிரி. அதனால மாட்யூல் வாரியா ஒரு சின்ன டேபிள் போடுங்க, மொத்த சதவீதத்தை அதுக்கு கீழ போடுங்க.

என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. லைவ் போய் மூணு வாரத்துல, பேமெண்ட் பாதில நின்னு போன சில பேருக்கு ரீஃபண்ட் ரெண்டு தடவை போயிருந்துச்சு. கேட்வே "இந்த ட்ரான்ஸாக்‌ஷன் ஃபெயில்"னு அனுப்பற தகவல், நம்ம பக்கம் பதில் லேட்டானா மறுபடி அனுப்பும், அது கேட்வேக்கு இயல்பான பழக்கம்தான். எங்க கோட் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ரீஃபண்ட் போட்டுடுச்சு, இந்த ட்ரான்ஸாக்‌ஷனுக்கு ஏற்கனவே போட்டாச்சான்னு பார்க்கல. ஓட்டாத 22 கேஸ்ல ஒண்ணு அச்சு அசலா இதே கேஸ்: "அதே கால்பேக் ரெண்டு தடவை வந்தா". எழுதி வச்சிருந்தோம், ஓட்டல. க்ளையண்ட் மீட்டிங்ல என்னோட பச்சை கலர் பக்கத்தை ஸ்க்ரீன்ல போட்டு, "97-ன்னு போட்டிருக்கே, ரீஃபண்ட் டெஸ்ட் பண்ணலன்னு இதுல எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. இருந்துச்சு, ஒன்பதாவது பக்கத்துல அனெக்ஸர்ல, கேஸ் நம்பரா. மனுஷன் படிக்கற மாதிரி ஒரு வரி எங்கயும் இல்ல.

அதுல இருந்து என் ரிப்போர்ட்ல முதல் பத்தியே டெஸ்ட் பண்ணாததுதான். அந்த ரிலீஸுக்கு இப்ப எழுதினா இப்படி எழுதுவேன்: "ரீஃபண்டும் பார்ஷியல் பேமெண்டும் சாண்ட்பாக்ஸ்ல வசதி இல்லாததால டெஸ்ட் செய்யப்படவில்லை. தோல்வியடைந்த பேமெண்டுக்கு பணம் திரும்ப வராமல் போவதோ இருமுறை போவதோ நடந்தால் நமக்கு முன்கூட்டியே தெரிய வாய்ப்பில்லை. இந்த வசதியை அணைத்து வைத்து ரிலீஸ் செய்வது, அல்லது முதல் இரண்டு வாரம் ரீஃபண்டை ஆள் பார்த்து அனுமதிப்பது, இரண்டில் ஒன்றைப் பரிந்துரைக்கிறோம்." மூணு வாக்கியம். இதை படிச்ச எந்த மேனேஜரும் "சூப்பர்"னு சொல்லிட்டு போக முடியாது, ஏதோ ஒண்ணு முடிவு பண்ணித்தான் ஆகணும். முடிவு அவங்களோடது, அதுல நமக்கு வீட்டோ எல்லாம் கிடையாது, ஆனா தெரியாம எடுத்த முடிவா அது இருக்கக்கூடாது.

டெவலப்பர்கள் தர்ற கோட் கவரேஜ் எண்ணை இதோட கலக்காதீங்க. லைன் கவரேஜ் 80-ன்னா யூனிட் டெஸ்ட் ஓடும்போது அத்தனை வரி ஓடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், சரியான விடை வந்துச்சான்னு யாராவது சோதிச்சாங்களாங்கறது அதுல தெரியாது. கீழ்பக்கம் தெரியறது மட்டும் நம்பகமானது: ஒரு ஃபைல் 5 சதவீதத்துல இருந்தா யூனிட் டெஸ்ட் அதை கிட்டத்தட்ட தொடவே இல்லங்கறது நிச்சயம்.

அடுத்தது ஓப்பன் டிஃபெக்ட். எல்லாத்தையும் காட்டணுமான்னு கேட்டீங்க. காட்டணும், ஆனா அதுக்கு முன்னாடி எல்லாமே உங்க கையில இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்காது. நான் அன்னிக்கு 14 ஓப்பன்னு போட்டேன், நிஜத்துல 23. யாரும் ஒளிக்கல, ஜிரா க்வெரிதான் காரணம். நான் ஓட்டினது இது:

```
project = PREM AND issuetype = Bug
AND fixVersion = "4.2" AND statusCategory != Done
```

பார்க்க சரியாத்தான் இருக்கு. ஆனா ட்ரையாஜ் மீட்டிங்ல ஒரு பக்கை "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னு தள்ளும்போது என்ன பண்ணுவாங்க? `fixVersion`-ஐ 4.3-ன்னு மாத்திடுவாங்க. அந்த நொடியே அது உங்க லிஸ்ட்ல இருந்து காணாம போயிடும், ஆனா 4.2-ல அது உயிரோடதான் இருக்கு, கஸ்டமர் கையில அதுதான் போகப்போகுது. சில டீம்ல `Deferred`-ன்னு ஒரு ஸ்டேட்டஸ் வச்சு அதை ஒர்க்ஃப்ளோல பச்சை பக்கம், அதாவது முடிஞ்சது கேட்டகிரில வச்சிருப்பாங்க, அப்பவும் இந்த க்வெரிக்கு அது சிக்காது. அதனால எந்த வெர்ஷன்ல சரி பண்ணப் போறோம்னு தேடாம, எந்த வெர்ஷன்ல அது இருக்குன்னு தேடுங்க:

```
project = PREM AND issuetype = Bug
AND affectedVersion = "4.2"
AND (resolution IS EMPTY OR status = Deferred)
```

இது வேலை செய்யணும்னா பக் போடும்போதே `affectedVersion` நிரப்பி இருக்கணும், அது காலியா இருந்தா இந்த க்வெரியும் பொய் சொல்லும். உங்க ஜிரால `Deferred`-ன்னு ஸ்டேட்டஸே இல்லாட்டி அந்த துண்டை எடுத்துடுங்க, இல்லன்னா க்வெரி ஓடாது. ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி அந்த ஃபீல்டு காலியா உள்ள பக்கை ஒரு தடவை தேடி நிரப்பிடுங்க. நான் அப்புறமா இப்படி தேடினப்ப கிடைச்ச 23-ல மேஜர் 4, மீடியம் 11, மைனர் 8. அடுத்த வெர்ஷனுக்கு தள்ளி கண்ணுல படாம போன ஒன்பதுல மூணு மேஜர். அதாவது நான் க்ளையண்ட் கிட்ட காட்டின லிஸ்ட்ல ஒரே ஒரு மேஜர்தான் இருந்துச்சு.

க்ரிட்டிக்கல் பூஜ்யம்னு எல்லா ரிப்போர்ட்லயும் வரும், கவனிச்சிருக்கீங்களா? எக்ஸிட் க்ரைட்டீரியால "ஓப்பன் க்ரிட்டிக்கல் இருக்கக்கூடாது"ன்னு இருந்தா, கடைசி ரெண்டு நாள்ல க்ரிட்டிக்கல் எல்லாம் ஒண்ணு சரியாகும், இல்லாட்டி மேஜர் ஆகும். எங்க நாலு மேஜர்ல ரெண்டு, ரிலீஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் க்ரிட்டிக்கலா இருந்தது. இறக்கறது தப்புன்னு நான் சொல்லல, நிறைய தடவை டெஸ்டர்தான் ஆரம்பத்துல கோவத்துல ஏத்தி போட்டிருப்பாரு, நானும் போட்டிருக்கேன். ஆனா இறக்கினது ரிப்போர்ட்ல தெரியணும், யார் சொல்லி எந்த காரணத்துல இறங்குச்சுன்னு. க்ரிட்டிக்கல்ங்கறதை ஜிராவோட ப்ரயாரிட்டி ஃபீல்டுல `Highest`-ன்னு வச்சிருந்தா இப்படி பிடிக்கலாம்:

```
affectedVersion = "4.2" AND priority CHANGED FROM "Highest" AFTER -14d
```

ஜிரால இந்த மாதிரி பழைய மாற்றத்தை தேடறது ஸ்டேட்டஸ், ப்ரயாரிட்டி, அசைனி மாதிரி சில ஃபீல்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். உங்க டீம்ல சிவியாரிட்டின்னு தனியா கஸ்டம் ஃபீல்டு வச்சிருந்தா ஒவ்வொரு டிக்கெட்டா திறந்து ஹிஸ்டரி பார்க்கறதுதான் வழி. இருபது டிக்கெட்டுக்கு அரை மணி நேரம் ஆகும், பண்ணுங்க.

அப்படி இறங்கின ரெண்டுல ஒண்ணை மட்டும் சொல்றேன், ஏன்னா ஓப்பன் டிஃபெக்டை எப்படி எழுதணும்ங்கறதுக்கு அது நல்ல உதாரணம். மாசாமாசம் ப்ரீமியம் கட்டற ஆயுள் காப்பீட்டு பாலிசிக்கு க்ரேஸ் பீரியட் 15 நாள், காலாண்டு, அரையாண்டு, வருஷத்துக்கு ஒருதரம்னா 30 நாள். அதுக்குள்ள கட்டினா லேட் ஃபீ வரக்கூடாது. கோட்ல இருந்தது:

```
if (daysLate < 15) lateFee = 0;
```

15-வது நாளும் க்ரேஸ்லதான் சேரும், அதனால `<=` வந்திருக்கணும். நான் ரிப்போர்ட்ல எழுதினது டிக்கெட் தலைப்பை அப்படியே காப்பி பண்ணி, "லேட் ஃபீ பவுண்டரி கண்டிஷன் தவறு, மேஜர், டிஃபர்ட்". அதை படிச்ச பிசினஸ் ஆளுக்கு என்ன புரியும்? ஒண்ணும் புரியாது, ஏதோ டெக்னிக்கல் சமாச்சாரம்னு தாண்டி போயிடுவாரு. ட்ரையாஜ்ல அதை இறக்கினதுக்கு சொன்ன காரணம் "சரியா 15-வது நாள் எத்தனை பேர் கட்டப் போறாங்க". யாரும் எண்ணி பார்க்கல. கரண்ட் பில்லையே கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்கு கட்டற ஊரு சார் இது! பிற்பாடு பழைய சிஸ்டத்தோட டேட்டாவுல ஒரே ஒரு க்வெரி ஓட்டி பார்த்தப்ப, ப்ரீமியம் தேதி தாண்டி கட்டினவங்கள்ல மத்த எந்த நாளை விடவும் க்ரேஸோட கடைசி நாள்ல கட்டினவங்கதான் அதிகம். பத்து நிமிஷ வேலை, ட்ரையாஜுக்கு முன்னாடி பண்ணியிருந்தா அது க்ரிட்டிக்கலாவே இருந்திருக்கும், ஒரு எழுத்து மாத்தற ஃபிக்ஸ் வேற.

அதனால மேஜரும் அதுக்கு மேலயும் உள்ள ஒவ்வொண்ணையும் தனி பத்தியா, டிக்கெட் மொழில இல்லாம நடக்கற மொழில எழுதுங்க. இதை நான் இப்படி எழுதியிருக்கணும்: "மாதத் தவணை பாலிசிதாரர் க்ரேஸ் காலத்தின் கடைசி நாளில் கட்டினால் தவறாக லேட் ஃபீ பிடிக்கப்படும். கடந்த மூன்று மாத டேட்டாவின்படி மாதத்துக்கு இத்தனை பேர் அந்த நாளில் கட்டுகிறார்கள். தற்காலிக வழி: புகார் வந்தால் ஹெல்ப்டெஸ்க் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். 4.3-ல் சரி செய்யத் திட்டம். இதை ஏற்றுக்கொண்டவர் பிசினஸ் தரப்பில் இன்னார், இந்தத் தேதியில்." யாருக்கு அடி, எத்தனை பேருக்கு, அதுவரைக்கும் என்ன வழி, யார் சரின்னு சொன்னாங்க, அவ்ளோதான். தற்காலிக வழின்னு எழுதினா அதை நீங்களே ஒரு தடவை செஞ்சு பாருங்க. "ஹெல்ப்டெஸ்க் பாத்துக்கும்"னு எழுதிட்டு, ஹெல்ப்டெஸ்க்ல அந்த ஸ்க்ரீனுக்கு பர்மிஷனே இல்லாம போன கதையும் நான் பார்த்திருக்கேன். மீடியம், மைனர் எல்லாம் ஒரு வரி போதும், அனெக்ஸர்ல டேபிளா போட்டுடுங்க.

டீமுக்கு கெட்ட பேர் வருமான்னு கேட்டதுக்கு நேரா பதில்: அன்னிக்கு கொஞ்சம் மூஞ்சிய தூக்குவாங்க, உண்மைதான். ஆனா 23-ஐயும் எழுதி குடுத்துட்டு அதுல ஒண்ணு லைவ்ல வந்தா "தெரிஞ்சதுதானே, சொன்னாங்களே"ன்னு போயிடும், 14 காட்டிட்டு பதினஞ்சாவது வந்தா அப்புறம் மீதி எல்லா நம்பரையும் சந்தேகப்படுவாங்க. எனக்கு அந்த க்ளையண்ட் கூட நடந்தது ரெண்டாவதுதான், அடுத்த மூணு ரிலீஸுக்கு எக்ஸெல்ல ரா டேட்டா கேட்டாங்க.

லெசன்ஸ் லேர்ன்ட் பகுதி. பழைய ரிப்போர்ட்ல "டீம்களுக்கு இடையே தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும், ரிக்வயர்மெண்ட் முன்கூட்டியே உறைய வேண்டும்" அப்படின்னு இருக்கும், பந்தயம் கட்டறேன். போன ரிலீஸ்லயும் அதே வரி இருக்கும், அதுக்கு முந்தினதுலயும். அதை யாரும் செய்ய முடியாது, ஏன்னா திங்கக்கிழமை காலைல வந்து யார் என்ன பண்ணணும்னு அதுல இல்ல. என் ரீஃபண்ட் கதைய எடுத்துக்கோங்க. "என்விரான்மெண்ட் தயாரா இல்ல"ன்னு எழுதினா அது ஒரு புலம்பல். ஏன் மூணாவது வாரம் வரைக்கும் தெரியலன்னு கேட்டா, எங்க ஸ்மோக் டெஸ்ட்ல பணம் கட்டறது மட்டும்தான் இருந்துச்சு, ரீஃபண்ட் இல்ல, அதனால முதல் நாள் சாண்ட்பாக்ஸ் "ஓகே"ன்னு வந்துடுச்சு, ரீஃபண்ட் கேஸ் எல்லாம் திட்டத்துல மூணாவது வாரம்தான் இருந்துச்சு. அப்போ பாடம் என்ன? "ஸ்மோக் டெஸ்ட்ல ஒரு ரீஃபண்டும் ஒரு பார்ஷியல் பேமெண்டும் சேர்க்கணும், அது பாஸ் ஆகாம டெஸ்டிங் ஆரம்பிச்சதா கணக்கு இல்லன்னு எண்ட்ரி க்ரைட்டீரியால போடணும், பொறுப்பு இன்னார், 4.3 டெஸ்ட் ப்ளான்ல சேர்த்தாச்சு." இப்படி வேற ஒரு டாக்குமெண்ட்ல போய் உக்கார்ந்தாத்தான் அது பாடம். ரெண்டு இல்லாட்டி மூணு இருந்தா போதும். பத்து எழுதினா ஒண்ணும் நடக்காது, இது என் அனுபவம், வேற டீம்ல பத்தும் செஞ்சு முடிச்சிருக்கலாம்.

இதுல எது நிச்சயம் எது ஊகம்னு ரிப்போர்ட்லயே பிரிச்சு காட்டுங்க. எத்தனை ஓடுச்சு, எத்தனை ஃபெயில், எது ஓப்பன், இதெல்லாம் எண்ணி சொல்றது, அதுல தப்பு இருந்தா அது உங்க தப்பு. ஆனா "மீதமுள்ள ரிஸ்க் குறைவு"ங்கறது உங்க கருத்து. கருத்து சொல்லலாம், சொல்லணும், "எங்கள் மதிப்பீட்டில்"னு ஆரம்பிச்சு எதை வச்சு சொல்றீங்கன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க. என்கிட்ட அப்ப இருந்த ஒரு நல்ல ஆதாரத்தை நான் பயன்படுத்தவே இல்ல. மொத்தம் 137 டிஃபெக்ட்ல 41, கடைசி எட்டு நாள்ல வந்தது. முடிவை நெருங்க நெருங்க புதுசா வர்ற பக் குறையணும், எங்களுக்கு குறையல. அதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு அந்த வாரம்தான் நிறைய கேஸ் ஓட்டினோம், இல்லாட்டி கடைசி நேர ஃபிக்ஸ் எல்லாம் புது பக்கை கொண்டு வந்துச்சு. எதுன்னு பிரிக்க, அந்த 41-ல எத்தனை முந்தின பில்டுல பாஸ் ஆன கேஸ்ல வந்ததுன்னு பார்த்தா போதும். நான் வாரவாரி க்ராஃப் மட்டும் ஒட்டிட்டு கீழ ஒரு வரி கூட எழுதாம விட்டுட்டேன்.

இன்னொரு எண், டிஃபெக்ட் டிடெக்‌ஷன் பர்சன்டேஜ், சில டெம்ப்ளேட்ல அதுக்கு கட்டம் இருக்கும். டெஸ்டிங்ல பிடிச்சதை, டெஸ்டிங்ல பிடிச்சதும் லைவ்ல வந்ததும் சேர்ந்த மொத்தத்தால வகுக்கறது. ரிலீஸ் அன்னிக்கு லைவ் எண்ணிக்கை பூஜ்யம், அதனால அது எப்பவும் 100-ன்னு வரும், அந்த கட்டத்தை அன்னிக்கு நிரப்பறது அர்த்தமில்லாதது. "30 நாள் கழித்து"ன்னு எழுதி காலியா விடுங்க, காலண்டர்ல ஒரு ரிமைண்டர் போட்டுக்கோங்க. எங்களுக்கு 30 நாள்ல லைவ்ல 9 வந்துச்சு, 146-ல 137, அதாவது 93.8. அந்த ஒன்பதையும் எடுத்து, ஒவ்வொண்ணும் ஓட்டாத கேஸ்ல இருந்து வந்ததா, ஓட்டியும் தவறினதா, கேஸே எழுதாததான்னு ஒரு பக்கம் எழுதி ரிப்போர்ட் பின்னாடி சேர்த்தோம். அதை செஞ்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது, ஒன்பதுல அஞ்சு அந்த ஓட்டாத 27-ல இருந்து வந்தது.

வேலை நேரம் பத்தி ஒண்ணு. இதை கடைசி நாள் சாயங்காலம் உக்காந்து எழுதினா நான் எழுதின மாதிரிதான் வரும். டெஸ்டிங் நடக்கும்போதே ஒரு பக்கத்தை திறந்து வச்சுக்கோங்க, எந்த கேஸ் ஏன் ப்ளாக் ஆச்சு, ட்ரையாஜ்ல எதை யார் இறக்கினாங்க, எது ஏன் தள்ளிச்சு, அன்னன்னிக்கு ஒரு வரி. உங்களுக்கு இப்ப அது இல்லன்னா, இன்னிக்கு முதல் வேலையா அந்த ரெண்டாவது க்வெரிய ஓட்டி உங்க "இருபது சொச்சம்" நிஜமாவே எத்தனைன்னு பாருங்க. அடுத்தது ஓட்டாத கேஸை எல்லாம் மாட்யூல் வாரியா பிரிச்சு எங்க கும்பலா இருக்குன்னு பாருங்க. அந்த கும்பல்தான் உங்க ரிப்போர்ட்டோட முதல் பத்தி. லீட் "இதை எதுக்கு மேல போட்ட"ன்னு கேட்டா, அவரோட பேரும் சைன் ஆஃப்ல இருக்குல்லன்னு ஞாபகப்படுத்துங்க.